கம்மி பிரீமியம், தூரத்து பிரேக்ஈவன்

பட்ஜெட்டோ தேர்தல் முடிவோ நெருங்கினால், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சார், ஏறுமா இறங்குமா தெரியல, ஆனா பெருசா ஆடும். ஸ்ட்ராங்கிள் கம்மி விலையில வருதே, எடுக்கட்டுமா?"

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு மட்டும். நிஃப்டி 24,000-இல் நிற்கிறது. ஏறினால் பலன் தரும் 24,000 கால் ஆப்ஷன் 210, இறங்கினால் பலன் தரும் அதே ஸ்ட்ரைக் புட் 190. இரண்டையும் வாங்கினால் 400 புள்ளி செலவு, இது ஸ்ட்ராடில். எக்ஸ்பைரியில் போட்ட பணம் திரும்பும் பிரேக்ஈவன் 23,600, 24,400. ஸ்ட்ராங்கிளுக்கு 24,300 காலை 90-க்கும் 23,700 புட்டை 80-க்கும் வாங்குகிறோம். செலவு 170தான். ஆனால் பிரேக்ஈவன் 23,530-க்கும் 24,470-க்கும் தள்ளிப்போய்விடுகிறது.

பலர் கவனிக்காதது நடுவில் இருக்கும் இடத்தை. எக்ஸ்பைரியில் நிஃப்டி 23,700-க்கும் 24,300-க்கும் இடையே எங்கே முடிந்தாலும் ஸ்ட்ராங்கிள்காரருக்கு 170-ம் போச்சு. ஸ்ட்ராடிலில் முழுப் பணமும் போக வேண்டுமானால் சரியாக 24,000-இல் முடிய வேண்டும். 24,300-இல் முடிந்தால் நட்டம் 100தான்.

"விலை கம்மிதானே" என்று ஒரு லாட்டுக்குப் பதில் இரண்டு லாட் ஸ்ட்ராங்கிள் எடுப்பவர்கள்தான் அதிகம். அப்போது செலவு 340, கிட்டத்தட்ட ஸ்ட்ராடில் பணம். இந்த இரண்டு லாட், ஒரு லாட் ஸ்ட்ராடிலை லாபத்தில் முந்துவது எப்போது? மேலே 24,540 தாண்டினால், இல்லை 23,460-க்கும் கீழே இறங்கினால். அதாவது 540 புள்ளி, சுமார் 2.25 சதவீத ஆட்டம். அங்கே வரை போகாமல் 300 புள்ளியில் நின்றுவிட்டால் 340-ம் காலி. என்னைக் கேட்டால், 'பெருசா ஆடும்' என்பவர் எத்தனை புள்ளி என்று ஒரு எண் சொல்லட்டும். சொல்லத் தெரியாதவருக்கு ஸ்ட்ராங்கிள் வேண்டாம்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவன்று நிஃப்டி 5.9 சதவீதம் விழுந்தது. ஸ்ட்ராங்கிளுக்கு ஏற்ற ஆட்டம்தான். ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கு முன்பே பிரீமியமும் வீங்கியிருக்கும் என்பதால் மேலே சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தா. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் நாளிலோ 26 புள்ளி இறக்கத்தில் முடிந்தது.

எக்ஸ்பைரி வரை காத்திருக்காதவர்களுக்கு இன்னொரு இடி உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடுவதால் ஆப்ஷன் விலையில் அடங்கிய ஆட்ட எதிர்பார்ப்பான இம்ப்ளைட் வொலட்டிலிட்டி சட்டென்று இறங்கும். இன்டெக்ஸ் ஏதோ ஒரு திசையில் 150 புள்ளி போயிருந்தும் இரண்டு ஆப்ஷன்களின் மொத்த மதிப்பு குறைந்திருக்கலாம். சதவீதக் கணக்கில் தூரத்து ஸ்ட்ரைக்குகளுக்கே அடி பலம். அதனால் முந்தைய நாளே ஆப்ஷன் செயினில் ஸ்ட்ராடில் விலையைப் பாருங்கள். 400 என்றால் சந்தை ஏற்கெனவே அந்த அளவு ஆட்டத்தை விலையில் சேர்த்துவிட்டது. உங்கள் எண் அதைவிடப் பெரிதாக இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடலாம்.