பசுந்தீவனத்தின் எடையிலிருந்து தண்ணீரைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக அதே புகாரைக் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். வயலில் பச்சை நிரம்பிக் கிடக்கிறது, தீவனத்தை எவரும் குறைக்கவில்லை, ஆனாலும் பால் குறைகிறது, மாடு மெலிகிறது. முதல் இரண்டு வீடுகளிலும் நான் போவதற்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்து, கால்சியம் பாட்டிலும் ஏற்றி முடித்திருந்தார்கள். மாடுகளுக்கு நோய் எதுவும் இல்லை. தீவனக் கணக்கில் புகுந்த தண்ணீர்தான் காரணம்.

மூன்றாவது வீட்டுக்காரர் இளைஞர், ஆறு கலப்பினப் பசுக்கள் வைத்திருப்பவர், எதையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு ஒன்றுக்குச் சித்திரை மாதத்தில் நானே ஒரு தீவனப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 24 கிலோ, வைக்கோல் 4 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ, மொத்தம் 32 கிலோ. இப்போது அந்தப் பசு 8 லிட்டருக்கு இறங்கியிருந்தது. சாணம் தளர்ந்து, கரும்பச்சையாக இருந்தது. தொட்டியை நக்கித் துடைத்துவிட்டுப் பக்கத்து மாட்டின் வைக்கோலுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. "தாளில் எழுதின 32 கிலோவில் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை டாக்டர், தினமும் நிறுத்துத்தான் போடுகிறேன்" என்று நோட்டைக் காட்டினார். அவர் சொன்னது உண்மை. நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அந்த 32 கிலோ எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவனத்தில் உள்ள தண்ணீரை முழுவதும் நீக்கிய பின் எஞ்சுவதை உலர்பொருள் என்கிறோம். மாவு, நார், புரதம், கொழுப்பு, தாது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் சுமார் 3 சதவீத உலர்பொருள் வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், 400 கிலோ பசுவுக்கு 12 கிலோ. அடர்தீவனமும் வைக்கோலும் கிலோவுக்குச் சுமார் 900 கிராம் உலர்பொருள் உள்ளவை. ஆகவே 4 கிலோ அடர்தீவனத்தில் 3.6 கிலோவும், 4 கிலோ வைக்கோலில் 3.6 கிலோவும் கிடைக்கும். மீதி 4.8 கிலோவைப் புல் தர வேண்டும். சித்திரையில் அவருடைய புல்லில் உலர்பொருள் 20 சதவீதம் இருந்தது, 4.8-ஐ 0.20-ஆல் வகுத்தால் 24 கிலோ வரும். பட்டியலில் 24 என்ற எண்ணை மட்டும் எழுதி, அதன் பக்கத்தில் 20 சதவீதம் என்று எழுதாமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து எந்தப் பட்டியலிலும் சதவீதத்தை எழுதாமல் நான் கையெழுத்து இடுவதில்லை.

அன்று அவருடைய வீட்டு அடுப்பிலேயே பரிசோதித்துப் பார்த்தோம். தீவனம் நறுக்கும் இயந்திரத்திலிருந்து விழுந்த குவியலில் மேல், நடு, அடி என்று ஐந்தாறு இடங்களில் ஒவ்வொரு பிடி அள்ளிக் கலந்து, அதிலிருந்து 200 கிராமை மின்னணுத் தராசில் நிறுத்தெடுத்தோம். தாழ்வாரத்தில் ஓர் இரும்பு வாணலியில் போட்டு, சிறு தீயில் அவருடைய அம்மா விடாமல் கிளறினார். முதலில் ஆவி எழுந்தது, பிறகு புல் சுருண்டது, கடைசியில் கையில் எடுத்தால் நொறுங்கியது. தட்டின் எடையைக் கழித்து, சில நிமிட இடைவெளியில் நிறுக்க நிறுக்க 41 கிராம், 33, 29, மறுபடியும் 29 என்று நின்றது. எடை அதற்கு மேல் குறையாமல் நிற்கும் இடம்தான் கணக்கின் முடிவு. 200 கிராமில் 29 கிராம் என்றால் 14.5 சதவீதம்.

அந்த 24 கிலோ புல்லில் இப்போது இருந்த உலர்பொருள் 3.5 கிலோதான், சித்திரையில் கிடைத்ததைவிட ஏறத்தாழ 1.3 கிலோ குறைவு. மழையில் விரைந்து வளர்ந்த இளம் புல், 45 நாள் ஆவதற்கு முன்பே அறுத்தது, இலையிலும் தண்டிலும் மழைநீர் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனையும் சேர்ந்ததன் விளைவு அது. பார்வைக்கு அந்தப் புல் சித்திரைப் புல்லைவிட அழகாகவே இருந்தது.

இதோடு முடியவில்லை. "ஒரு கிலோ அசோலா போட்டால் ஒரு கிலோ அடர்தீவனத்தை மிச்சப்படுத்தலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, 4 கிலோ அடர்தீவனத்தை 3 கிலோவாக்கி, மீதிக்குத் தண்ணீர்த் தொட்டியில் மிதந்து வளரும் பச்சை அசோலாவில் ஒரு கிலோ அள்ளிச் சேர்த்திருந்தார். எனக்குப் பெரிய ஆதங்கம் தருவது இந்த அறிவுரைதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அசோலாவில் 25 சதவீதம் புரதம் என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த 25 சதவீதம் உலர்பொருளில் கணக்கிட்டது. அள்ளிய ஈரம் காயாத ஒரு கிலோ அசோலாவில் உலர்பொருள் சுமார் 60 கிராம்தான், எஞ்சிய 940 கிராமும் தண்ணீர். அந்த 60 கிராமில் 25 சதவீதம் என்பது 15 கிராம் புரதம். அவர் எடுத்துவிட்ட ஒரு கிலோ அடர்தீவனத்தில் 900 கிராம் உலர்பொருளும், அதில் 20 சதவீதம் புரதம் என்று கொண்டால் 180 கிராம் புரதமும் இருந்தன. 180 கிராமை எடுத்துவிட்டு 15 கிராமை வைத்திருக்கிறார். ஒரு கிலோ அடர்தீவனத்தின் உலர்பொருளை அசோலாவிலிருந்தே பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு, ஒரு மாட்டுக்கு, 15 கிலோ அள்ள வேண்டும். வீட்டுத் தொட்டி ஒன்றிலிருந்து தினம் ஒரு கிலோ வருவதே பெரிது. அசோலா நல்ல தீவனம்தான். அதை மேலதிகமாகப் போடுங்கள், அடர்தீவனத்தின் இடத்தில் எடைக்கு எடை வைக்காதீர்கள். உலர்ந்த நிலையில் சொன்ன சதவீதத்தைப் பச்சை எடையோடு பெருக்குவது என்ற இந்த ஒரே பிழைதான் அகத்தி, வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றின் கணக்கிலும் நடக்கிறது. அசோலாவில் தண்ணீர் மிக அதிகம் என்பதால் இழப்பும் மிக அதிகம். எந்தச் சதவீதத்தைப் படித்தாலும் அது காய்ந்ததற்கா, பச்சைக்கா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது நோட்டைத் திரும்பப் பாருங்கள். புல் 24, வைக்கோல் 4, அடர்தீவனம் 3, அசோலா 1, கூட்டினால் அதே 32 கிலோ. உலர்பொருளோ 3.5, 3.6, 2.7, 0.06, கூட்டினால் 9.9 கிலோ. பசுவுக்கு நாள்தோறும் 2 கிலோவுக்கு மேல் பற்றாக்குறை. அதில் 0.9 கிலோ ஊட்டம் மிகுந்த அடர்தீவனத்தின் பங்கு. உடம்பிலிருந்த கொழுப்பைக் கரைத்து அது 8 லிட்டராவது கொடுத்துக்கொண்டிருந்தது.

திருத்தம் எளிதாகவே இருந்தது. முதலில் அடர்தீவனம் பழையபடி 4 கிலோ ஆனது. புல்லிலிருந்தே 4.8 கிலோ உலர்பொருள் வேண்டுமென்றால் 4.8-ஐ 0.145-ஆல் வகுத்து 33 கிலோ போட வேண்டும். இந்த இடத்தில் பலர் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுகிறார்கள். பச்சை எடையிலிருந்து உலர்பொருளுக்குப் போகும்போது பெருக்க வேண்டும், உலர்பொருளிலிருந்து பச்சை எடைக்குத் திரும்பும்போது வகுக்க வேண்டும், விடை எப்போதும் உலர்பொருளைவிடப் பெரிதாகவே வர வேண்டும். ஆனால் ஏற்கெனவே சாணம் தளர்ந்திருந்த பசுவுக்கு அவ்வளவு ஈரப்புல்லைத் திணிக்க எனக்கு மனமில்லை. புல்லை 28 கிலோவாகவும் வைக்கோலை 5 கிலோவாகவும் உயர்த்தி, மூன்று வேளையாகப் பிரித்துப் போடச் சொன்னேன். புல்லில் 4.1, வைக்கோலில் 4.5, அடர்தீவனத்தில் 3.6, ஆக 12.2 கிலோ உலர்பொருள். தொட்டியில் விழும் எடை 37 கிலோ. வைக்கோலும் புல்லும் உலர்பொருளில் சமமானாலும் சத்தில் சமமல்ல என்பதால், வைக்கோலை இதற்கு மேல் கூட்டி ஈடுகட்ட நினைக்கக் கூடாது. பத்து நாளில் சாணம் இறுகியது, பால் 9.5 லிட்டருக்கு ஏறியது. பழைய 10-ஐ எட்டவில்லை. கறவையின் உச்சக் காலமும் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

வாணலியில் செய்யும்போது புல் கருகினால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு எடுங்கள். கருகியதில் உலர்பொருளே எரிந்து போயிருக்கும், எடை பொய் சொல்லும். மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீடுகளில் 100 கிராம் மாதிரியோடு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் வைத்து, முதலில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை அரை நிமிடமாகச் சூடாக்கி, எடை நிற்கும் வரை நிறுங்கள். அடுப்பை விட்டு நகர வேண்டாம், காய்ந்த புல் சட்டென்று தீப்பற்றும். வெயில் காலத்தில் அரை கிலோவைத் தட்டில் பரப்பி மூன்று நாள் உலர்த்தினாலே போதும். ஆனால் வெயிலில் காய்ந்ததில் இன்னும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும்; கிடைத்த எடையை 0.9-ஆல் பெருக்கிவிட்டுத்தான் சதவீதம் பாருங்கள். ஆய்வகத்தில் 100 முதல் 105 டிகிரியில் உலர்த்துவதற்கு இவை முழு ஈடாகா என்றாலும், 14-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தராசும் வாணலியும் தவறாமல் காட்டிவிடும்.

தயவுசெய்து மாதிரியை இலையாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். தண்டில் நீர் அதிகம், இரண்டும் மாடு தின்னும் விகிதத்திலேயே இருக்க வேண்டும். மழை தொடங்கும்போதும், வேறு பாத்தியில் அறுக்கத் தொடங்கும்போதும், புல்லின் வயது மாறும்போதும் மறுபடி பாருங்கள். "பச்சையை ஐந்தால் வகுத்தால் போதும்" என்ற வாய்ப்பாடு 20 சதவீதம் உள்ள நாளுக்கு மட்டுமே பொருந்தும். காலையில் ஈரத்தோடு அறுத்துத் திண்ணையில் பரப்பி மாலையில் போடுபவர்கள், காலையில் நிறுத்த எடையையும் மாலையில் எடுத்த மாதிரியின் சதவீதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆவியாகிப் போன தண்ணீரையும் உலர்பொருளாகவே எண்ணிவிடுவீர்கள். எந்த நேரத்தில் நிறுக்கிறீர்களோ, அதே நேரத்தில் அதே குவியலிலிருந்து மாதிரியையும் எடுங்கள்.