12.40-க்குச் செய்வதை 10.50-க்கு வாங்கினால் மிச்சமா?

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், போன மாதம் ஒரு மாலை, கேண்டீனில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அசெம்பிளி பகுதி மேனேஜர் லேப்டாப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "அக்கா, நாளைக்குக் காலையில மீட்டிங். இந்த ஏழாவது ஸ்லைடு எனக்குப் புரியல. ஆனா அதுல இருக்கறது என் லைன்" என்றார்.

பர்ச்சேசிங் ஆட்கள் தயாரித்த டெக் அது. நாங்கள் உள்ளேயே செய்யும் ஒரு கேபிளை இனி வெளியே ஒரு வெண்டரிடம் வாங்கலாம் என்பது யோசனை. ஏழாவது ஸ்லைடில் இரண்டே இரண்டு தூண்கள். சிவப்புத் தூண் "இன்-ஹவுஸ், ஃபுல்லி லோடட்: 12.40 ரிங்கிட்". பச்சைத் தூண் "வெண்டர்: 10.50 ரிங்கிட்". கீழே கொட்டை எழுத்தில், வருடம் 40,000 கேபிள், ஒன்றுக்கு 1.90 மிச்சம், ஆக 76,000 ரிங்கிட் சேமிப்பு. (எண்களை இங்கே கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கு அதேதான்.)

பெருக்கலில் தப்பில்லை. 12.40-ம் பொய் இல்லை, அது நான் இருக்கும் ஃபைனான்ஸ் டிபார்ட்மெண்டிலிருந்து போன எண்தான். இந்தக் கேள்விக்கு அந்த எண் பதில் ஆகாது, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, வீட்டுக் கதைக்குப் போனேன்.

"உங்க வீட்ல ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். அரிசி, மீன், காய், கேஸ் என்று கணக்குப் போட்டு ஆளுக்கு ஆறு வெள்ளி என்றார். சரி, வீட்டு வாடகை மாதம் 1,500, சமையலறை வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் 300 வெள்ளியைச் சாப்பாட்டின் தலையில் போடுங்கள். ஃபிரிட்ஜ் வாங்கிய பணத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்து அதையும் போடுங்கள். இப்போது ஒரு சாப்பாடு ஒன்பது வெள்ளிக்கு மேலே போய்விடும். பக்கத்துக் கடையில் எட்டு வெள்ளிக்கு நாசி கண்டார் கிடைக்கிறது. தினமும் கடையிலேயே சாப்பிட்டால் ஒரு வெள்ளி மிச்சமா? அவர் சிரித்துவிட்டார். "வாடகையை யாருக்கா கட்டுவா?"

அதுதான் ஏழாவது ஸ்லைடு. ஃபுல்லி லோடட் என்றால் வாடகையும் ஃபிரிட்ஜும் ஏற்றிய சாப்பாட்டு விலை.

அப்புறம் 12.40-ஐப் பிரித்தோம். டெக்கின் பின்னால், யாரும் திறக்காத அப்பெண்டிக்ஸில், நான்கு வரி இருந்தது: மூலப்பொருள் 5.20, ஆட்கூலி 3.10, டிப்ரிசியேஷன் 1.00, ஓவர்ஹெட் 3.10. ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொன்னேன்: கேபிள் செய்வதை நாளைக்கு நிறுத்திவிட்டால், இதில் எந்த பில் வராமல் நிற்கும்?

மூலப்பொருள் சுலபம். வயரும் கனெக்டரும் வாங்க மாட்டோம், 40,000 கேபிளுக்கு 2,08,000 ரிங்கிட் அப்படியே நிற்கும்.

டிப்ரிசியேஷனில்தான் முதலில் தடுக்கினார். அந்த வார்த்தையே பயமுறுத்துகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் கிரிம்பிங் மெஷினை 4,00,000 ரிங்கிட் கொடுத்து வாங்கினோம், பணம் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் மெஷின் பத்து வருடம் உழைக்கும் என்பதால், அந்தப் பணத்தை ஒரே வருடத்துச் செலவாக எழுதாமல் வருடத்துக்கு 40,000 வீதம் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறோம். 40,000 கேபிளால் வகுத்தால் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட். இதற்காக இந்த வருடம் யாருக்கும் செக் போகவில்லை. கேபிளை நிறுத்தினாலும் போன பணம் திரும்பாது. மெஷினை விற்க முடிந்தால் கைக்கு வரும் பணத்தை மட்டும் தனியாகக் கணக்கில் சேர்க்கலாம், ஆறு வருடம் ஓடிய கிரிம்பிங் மெஷினுக்கு யார் என்ன தருவார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஓவர்ஹெட் 3.10, வருடத்துக்கு 1,24,000. அதில் கட்டட வாடகைப் பங்கு 60,000, சூப்பர்வைசர் மற்றும் தரக்கட்டுப்பாட்டு ஆட்களின் சம்பளப் பங்கு 44,000, மின்சாரம் 20,000. லைன் நின்றால் கட்டட உரிமையாளர் வாடகையைக் குறைக்க மாட்டார். சூப்பர்வைசர் நான்கு லைனைப் பார்க்கிறார், மூன்றாகிவிட்டால் சம்பளத்தில் கால்வாசி வெட்டுவோமா? மின்சாரத்தில் அந்த மெஷின் இழுப்பது 14,000 போல இருக்கும், அது நிற்கும். மீதி 6,000 விளக்கும் ஏசியும். ஆக 1,24,000-ல் உண்மையில் நிற்பது 14,000 மட்டும்.

கடைசியாக ஆட்கூலியை எடுத்தோம். கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார், ஏனென்றால் எனக்கு இது ஒரு வரி, அவருக்கு நான்கு முகம். உள்ளூர் ஆட்கள், மாதம் 2,250 ரிங்கிட், நால்வருக்கும் வருடத்துக்கு 1,08,000. அதன் மேல் முதலாளி பங்காக இபிஎஃப் 13 சதவீதம், சொக்சோ மற்ற சந்தாக்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 15 சதவீதம், அதுதான் 1,24,000 ஆகிறது. இந்தப் பணம் நிற்குமா என்பதை ஃபைனான்ஸ் சொல்ல முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும். நால்வரையும் வேறு லைனுக்கு மாற்றினால், அங்கே ஏற்கெனவே காலியிடம் இருந்து புதிதாக ஆள் எடுக்க இருந்தோம் என்றால்தான் மிச்சம். இல்லையென்றால் அதே சம்பளம் வேறு லைனின் பெயரில் போகும். வேலையை விட்டு நிறுத்தினால் சட்டப்படி இழப்பீடு உண்டு: ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். இந்த நால்வரும் எட்டு வருடத்துக்காரர்கள். ஒரு நாள் சம்பளம் 74 ரிங்கிட் என்றால் ஆளுக்கு 160 நாள், 12,000-க்குக் கிட்ட. நால்வருக்கும் சேர்த்து 47,000-க்கு மேல் ஒருமுறைச் செலவு. டெக் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வரியே இல்லை.

இப்போது கூட்டினோம். நால்வரின் சம்பளமும் முழுதாக நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம், பர்ச்சேசிங்குக்கு அதிகபட்சச் சலுகை. 2,08,000, 1,24,000, 14,000, மொத்தம் 3,46,000 ரிங்கிட் வெளியே போகாது. வெண்டருக்குக் கொடுக்க வேண்டியது 4,20,000. வருடத்துக்கு 74,000 ரிங்கிட் கூடுதல் செலவு. அந்த நால்வருக்கு உள்ளேயே சும்மா ஓர் இடம் கொடுத்தால் கூடுதல் 1,98,000.

"அப்போ 76,000 எங்கக்கா போச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நிறைய இயக்குநர்களே இதைக் கேட்பதில்லை. அது எங்கும் போகவில்லை, இருந்ததே இல்லை. கேபிள் தலையில் இருந்த வாடகையும் சூப்பர்வைசர் சம்பளமும் அடுத்த காலாண்டில் மற்ற மூன்று லைன்களின் தலையில் ஏறும். அவர் லைனில் தவறே நடக்காமல் மற்ற பொருள்களின் விலை கூடும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இப்படித்தான் ஆனது. ஒன்றை வெளியே கொடுத்தார்கள், மீதியின் விலை ஏறியது, ஏறிவிட்டது என்று அடுத்ததையும் கொடுத்தார்கள், மூன்றாவது தடவை கட்டடம் பாதி காலி, வாடகை அதே வாடகை. அந்த ஸ்லைடுகளில் இரண்டை நான்தான் செய்து கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவர் உடனே "அப்போ பர்ச்சேசிங் சொல்றது தப்பு" என்று எழுதிக்கொள்ளப் போனார், நான் பேனாவைப் பிடித்துவிட்டேன். இந்தக் கணக்கு இன்றைக்குத்தான் இப்படி. கட்டடக் குத்தகை இரண்டு வருடத்தில் முடிகிறது. அப்போது கேபிள் லைன் இருக்கும் இடத்தை உண்மையிலேயே திருப்பிக் கொடுக்க முடிந்தால் 60,000-ம் நிற்கும், நிற்கும் பணம் 4,06,000 ஆகும், வெண்டருக்குக் கிட்டத்தட்ட சமம். நான்கு வருடத்தில் மெஷினுக்கு வயது முடிகிறது. அன்றைக்குப் புது மெஷின் வாங்குவதா என்று கேட்டால், அந்த 4,00,000 இன்னும் கையில் இருக்கும் பணம். வருடத்துக்கு 40,000 என்று இப்போது சேர்க்கக் கூடாது என்றேனே, அப்போது சேர்த்தே ஆக வேண்டும். 4,46,000 ஆகிவிடும், வெண்டர் ஜெயித்துவிடுவார். ஒரே டிப்ரிசியேஷன் வரி, மெஷின் வாங்கிய பிறகு பழங்கதை, வாங்குவதற்கு முன் நிஜப் பணம். விற்பனை விலை நிர்ணயிக்கும்போதும் 12.40-தான் சரியான எண், வாடகையை யாராவது ஒரு வாடிக்கையாளர் கொடுத்தாக வேண்டுமே.

அவருக்கு மீட்டிங்கில் பேச ஒரே ஓர் எண் போதும் என்று நினைத்தேன். 3,46,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 8.65. வெண்டர் விலை இதற்குக் கீழே வந்தால்தான் இன்றைக்கு மிச்சம். அதிலும் 10.50-ல் லாரிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் "எக்ஸ்-வொர்க்ஸ்" என்று இருந்தது, அதாவது அவர்கள் வாசலில் வந்து எடுத்துக்கொள்ளும் விலை.

ஸ்லைடை அழகுபடுத்தவில்லை. இரண்டு தூணை எடுத்துவிட்டு மூன்று வரி போட்டோம்: "நிறுத்தினால் நிற்கும் பணம் 8.65. நிறுத்தினாலும் போகும் பணம் 3.75. வெண்டருக்குப் போகும் பணம் 10.50, லாரிக் கூலி தனி." அடியில், குத்தகை முடியும் தேதியும் மெஷின் வயதும்.

மறுநாள் என்ன நடந்தது என்று அவரே வந்து சொன்னார். பர்ச்சேசிங் மேனேஜர் முதலில் கொஞ்சம் முறைத்தாராம், அப்புறம் அந்த 3.75 எதில் எதில் இருக்கிறது என்று அவரே கேட்டு எழுதிக்கொண்டாராம். வெண்டரிடம் திரும்பப் பேசினார்கள், 9.60-க்குக் கீழே இறங்கவில்லை. கேபிள் இன்னும் அதே லைனில்தான் ஓடுகிறது. குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கும்போது மறுபடி பார்ப்பதாக மினிட்ஸில் எழுதியிருக்கிறார்கள்.