மாட்டின் கண்ணில் பூ விழுந்தால்: அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

தெம்பனிஸில் வசிக்கும் வாசகர் ஒருவர், மன்னார்குடிப் பக்கம் தம்பி வீட்டில் வளரும் கன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வடிந்ததாம். இரண்டு நாளில் கருவிழி நடுவே பூ விழுந்ததாம். "மருத்துவர் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. இப்போது ஓரமெல்லாம் சிவந்து வருகிறது. நோய் முற்றுகிறதா?" என்று கேட்கிறார்.

முற்றவில்லை, அந்தச் சிவப்பு கண் ஆறத் தொடங்கியதற்கான அடையாளம்.

நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா. கண்ணில் விழும் கிருமிகளை நீரும் இமைத்தலும் கழுவித் தள்ளிவிடும். இதன் உடலிலோ மயிரிழையைவிடப் பன்மடங்கு நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றால் கருவிழியின் மேல்தோலைப் பற்றிக்கொண்டு, ஒரு நச்சுப் புரதத்தை வெளிவிடுகிறது. அது செல்களின் சவ்வில் துளையிடுகிறது. கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அதே நஞ்சால் வெடித்து, தம்முள் இருந்த நொதிகளைக் கருவிழிமேல் கொட்டுகின்றன. புண் குழியாவதில் இந்த நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை முன்பே நலிவாக்கிவிட்டால் கிருமிக்கு வேலை இன்னும் எளிது.

கருவிழி கண்ணாடிபோல் தெளிவாக இருக்க ஒரு காரணம், அதில் ரத்தக் குழாயே இல்லாதது. அதனால் நடுவில் ஆழமான புண் வந்தால், அதை நிரப்பும் பொருள்கள் விளிம்பிலிருந்து வந்தாக வேண்டும். வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் வட்டத்திலிருந்து புதுக் குழாய்கள் முளைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் நடுவை நோக்கி நகர்கின்றன. வளர்ந்த மாட்டின் கருவிழியில் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே போய்ச் சேர இரண்டு வாரம்போல் ஆகும். புண் மூடியதும் குழாய்கள் சுருங்கி, சிவப்பு வடியும். மிஞ்சும் வெள்ளைத் தழும்பு சில மாதங்களில் சிறுக்கலாம்.

பயப்பட வேண்டிய மாற்றங்கள் வேறு. நடுப்புண் ஆழமாகி, கருவிழி முன்னால் கூம்பாகப் பிதுங்கினால் அது உடையும் நிலையில் இருக்கிறது. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே, அதாவது நீர் வடிந்து வெயிலுக்குக் கண்ணை மூடும்போதே, மருந்து கொடுப்பதுதான் பலன் தரும். வழக்கமானது நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். கன்று 80 கிலோ என்றால் 1,600 மில்லிகிராம். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள மருந்தில் 8 மில்லி. அதை இரண்டு இடமாகப் பிரித்துப் போடுவார்கள். இரண்டு, மூன்று நாள் கழித்து இன்னொரு முறை தேவைப்படலாம். மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கறவை மாடாக இருந்தால் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மறைத்துத் தடித்த துணி ஒன்றை முகத்து மயிரில் பசையால் ஒட்டி, நீர் வடியக் கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து விட்டால் வெயிலும் ஈயும் அண்டாது.

வீட்டில் மிஞ்சிய கண் சொட்டு மருந்தை ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் ஆறுவது தடைபட்டு, கண்ணே உடையலாம். வெற்றிலையை மென்று துப்புவதும் உப்புத் தூளை ஊதுவதும் புண்ணில் புதுக் கிருமியையும் எரிச்சலையும் சேர்ப்பவை. திருஷ்டி என்று சுற்றிப்போட்டுக் காத்திருக்கும் இரண்டு நாள்தான் மருந்துக்கு மிக நல்ல நாள்கள். அதை வீணாக்குவது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை என்பது என் கருத்து.

இந்தக் கிருமியை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோவது ஈ. அது கடிப்பதில்லை, கண்ணீரை நக்குகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மாட்டு முகத்தில் மொய்க்கும் ஓர் ஈ இனத்தின்மேல் இந்தக் கிருமி மூன்று நாள்வரை உயிரோடு இருக்கும். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்பவை வீட்டு ஈயும் அதன் உறவினங்களும். இவை சாணத்தில் முட்டையிட்டு, வெப்பமான ஊரில் பத்து நாளுக்குள் வளர்ந்துவிடும். வாரத்துக்கு இருமுறையாவது சாணத்தைத் தொழுவத்தை விட்டு அப்புறப்படுத்தினால் புழுவாக இருக்கும்போதே சங்கிலி அறுந்துவிடும்.

நோயுற்ற கன்றை நிழலான, தனிக் கொட்டகையில் கட்டி, தீவனமும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள். ஈ மட்டுமல்ல, கையும் கண் துடைத்த துணியும் கிருமியைக் கடத்தும். எனவே நல்ல மாடுகளை முதலில் கவனித்துவிட்டு, கடைசியாக இதனிடம் போய்க் கை கழுவுங்கள். நீர் வடிவது நின்று புண் மூடும்வரை தனியாகவே இருக்கட்டும். ஆறிய மாட்டின் கண்ணிலும் மூக்கிலும் மாதக்கணக்கில் கிருமி ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், பார்வைக்கு நலமாக இருக்கும் மாட்டை வாங்கி வந்த பிறகும் மந்தையில் நோய் கிளம்புகிறது.

படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை நடுவில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்கி, புண்ணும் இல்லாமல், மூக்கு ஒழுகலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது ஹெர்பெஸ் வகை வைரஸாக இருக்கலாம். இமைக்கடியில் நூல்போல் வெள்ளைப் புழு நெளிந்தால் அது கண்புழு. அதையும் ஈதான் பரப்புகிறது, ஆனால் கொடுக்க வேண்டியது குடற்புழுவுக்குத் தரும் வகை மருந்து. இரண்டுக்குமே ஆக்சிடெட்ராசைக்ளின் பலிக்காது.