இரண்டு குண்டுகளை வைத்துக் கூம்புத் துளையின் கோணத்தை அளப்பது

மில்லிங் மெஷின் ஸ்பிண்டிலின் வாயில், டூல் ஹோல்டர் போய் உட்காரும் டேப்பர் துளை ஒன்று இருக்கும். ஐஎஸ்ஓ 40 என்ற அளவில், முகப்பில் அதன் விட்டம் 44.45 மி.மீ. ஒவ்வொரு 24 மி.மீ. ஆழத்துக்கும் 7 மி.மீ. குறுகிக்கொண்டே போகும். இதன் முழுக்கோணம் சுமார் 16 டிகிரி 36 நிமிடம். மறுபடி கிரைண்டிங் செய்த ஸ்பிண்டிலில் அந்தக் கோணம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கோணமானியைத் துளைக்குள் நுழைத்து அச்சுக்கு நேராகப் பிடிக்க முடியாது. வாயின் விட்டத்தை அளக்கலாம் என்றால், விளிம்பு மழுங்கியிருக்கும்.

இதற்கு இரண்டு பேரிங் குண்டுகள் போதும். ஒன்று 30 மி.மீ., இன்னொன்று 40 மி.மீ. விட்டம் உள்ளவை. கழற்றிய ஸ்பிண்டிலை வாய் மேலே பார்க்கும்படி சர்ஃபேஸ் பிளேட்டில் செங்குத்தாக நிறுத்தி, முதலில் சின்னக் குண்டை உள்ளே விட வேண்டும். அது இறங்கிப் போய், சுவரை ஒரு வட்டத்தில் தொட்டு நிற்கும். முகப்பிலிருந்து அதன் உச்சி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை டெப்த் மைக்ரோமீட்டரால் அளக்கிறோம்: 33.45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காந்தத்தால் அதை எடுத்துவிட்டுப் பெரிய குண்டை வைத்தால், அது முழுதாக உள்ளே போகாது, தலை வெளியே தெரியும். முகப்புக்கு மேல் அது எவ்வளவு நிற்கிறது என்று ஹைட் கேஜில் பார்த்தால் 6.19 மி.மீ.

நமக்கு வேண்டியது உச்சிகளுக்கு இடையிலான தூரம் அல்ல, குண்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். சின்னக் குண்டின் மையம் முகப்பிலிருந்து 33.45 + 15 = 48.45 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. பெரியதன் மையம் 20 − 6.19 = 13.81 மி.மீ. ஆழத்தில். வித்தியாசம் 34.64 மி.மீ.

இப்போது அந்த மையங்கள் இரண்டையும் துளையின் அச்சில் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சுவருக்குச் செங்குத்தாகக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகளின் நீளம் குண்டுகளின் ஆரமே: 15, 20. சின்ன மையத்திலிருந்து சுவருக்கு இணையாக ஒரு கோட்டை இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். மையத் தூரம் அதன் கர்ணம், ஆரங்களின் வித்தியாசமான 5 மி.மீ. அதன் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு எதிரே இருப்பதுதான் நாம் தேடும் அரைக்கோணம்.

sin(அரைக்கோணம்) = 5 / 34.64 = 0.1443

அரைக்கோணம் 8.30 டிகிரி, முழுக்கோணம் 16.60 டிகிரி. அதாவது 16 டிகிரி 36 நிமிடம், சரியாக இருக்கிறது.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, துளையின் வாய் விட்டம் கணக்கிலேயே வராதது. மழுங்கிய விளிம்பால் எந்தத் தொல்லையும் இல்லை. முகப்பு வெறும் தொடக்கக் கோடுதான், கழிக்கும்போது அதுவும் போய்விடுகிறது.

ஆனால் குண்டுகளின் அளவு நெருக்கமாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஜோடியில் மையத் தூரத்தில் 0.01 மி.மீ. தப்பினால், முழுக்கோணம் ஏறக்குறைய 17 விநாடி மாறும். அதுவே 30, 32 என்ற ஜோடி என்றால் மையத் தூரம் 7 மி.மீ.க்கும் குறைவு, அதே பிழை கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் தவறு காட்டும். குண்டின் விட்டம் தப்பினால் இன்னும் மோசம், அதனால் நல்ல பேரிங் குண்டை எடுத்து, அதையும் மைக்ரோமீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டை அழுத்தாமல் அதன் எடையிலேயே உட்கார விடுங்கள். தூக்கிவிட்டு மறுபடி வைத்து அளந்தால் எண் மாறுகிறதா? அப்படியென்றால் சுவரில் எங்கோ தூசியோ பிசிறோ இருக்கிறது.

இரண்டு குண்டுகள் சொல்வது, தொடும் அந்த இரண்டு வட்டங்களுக்கு இடையிலான சராசரிக் கோணத்தை மட்டுமே. நடுவில் சுவர் குழிந்திருந்தாலும் தெரியாது. சந்தேகம் இருந்தால் 35 மி.மீ. குண்டையும் வைத்து, 30-35, 35-40 என்று தனித்தனியே கணக்கிடலாம். அளவீட்டுப் பிழைக்கு மேல் அந்த விடைகள் வேறுபட்டால் சுவர் நேராக இல்லை, டூல் ஹோல்டர் அதில் முழுதாகப் பதியாது.