செத்துப்போனவங்க சொன்னதை கோர்ட் ஏன் ஏத்துக்குது? மரண வாக்குமூலம் பத்தி கொஞ்சம்

"பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாங்களாம், என்கிட்ட சொன்னாங்க" அப்படின்னு நீங்க கூண்டுல ஏறி சொன்னா எதிர்தரப்பு வக்கீல் உடனே எந்திரிச்சிடுவாரு. இதுக்குப் பேரு செவிவழிச் சாட்சியம். பார்த்தது அந்த அக்கா, அப்போ அவங்கதான் வரணும், வந்தாதான் "லைட் இருந்துச்சா, எவ்வளவு தூரத்துல நின்னீங்க, உங்களுக்கும் அவனுக்கும் முன்பகை உண்டா"ன்னு குறுக்கு விசாரணை பண்ண முடியும். உங்ககிட்ட கேட்டா நீங்க என்ன பதில் சொல்வீங்க, தெரியாதுன்னுதானே.

சரி, பார்த்தவங்களே செத்துட்டா? கொலை கேஸ்ல பெரும்பாலும் நடந்தது முழுசா தெரிஞ்ச ஆளே செத்தவர்தான். அவரு சொன்னதையும் தள்ளிட்டா, ஆளில்லாத இடத்துல கொன்னவன் ஜாலியா வெளிய வந்துடுவான். அதனாலதான் 1872 சாட்சியச் சட்டத்துல 32(1)ன்னு ஒரு விலக்கு வச்சாங்க, 2024 ஜூலை 1ல இருந்து அதே விஷயம் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் 26வது பிரிவுல இருக்கு. செத்தவர் தன் சாவுக்கு என்ன காரணம், எந்த சூழ்நிலையில அது நடந்துச்சுன்னு சொல்லியிருந்தா, அதைக் கேட்டவங்க வந்து சொல்லலாம்.

சினிமா பார்த்து நம்மாளுங்க நினைக்கிறது, கடைசி மூச்சுல சொன்னாதான் செல்லும்னு. இங்கிலாந்து சட்டம் பழைய காலத்துல அப்படித்தான், சாகப்போறோம்னு தெரிஞ்சு சொல்லியிருக்கணும். நம்ம ஊர்ல அது தேவையே இல்ல. 1939ல, அப்போ நம்ம ஊர் கேஸுக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்டா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த பகலா நாராயண சுவாமி கேஸ் பாருங்க. பித்தாபுரத்துக்காரர் ஒருத்தர் பெர்ஹாம்பூருக்கு கிளம்பும்போது பொண்டாட்டிகிட்ட, குடுத்த பணத்தை வாங்கிக்க வரச்சொல்லி, பின்னாடி இந்த கேஸ்ல குற்றம் சாட்டப்பட்ட நாராயண சுவாமி வீட்டுலருந்து லெட்டர் வந்திருக்கு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டு போறாரு. ரெண்டு மூணு நாள்ல, 1937 மார்ச் 23, பூரி ஸ்டேஷன்ல நின்ன ரயில் பெட்டியில ஒரு இரும்பு டிரங்க்ல அவரோட உடம்பு துண்டு துண்டா கிடைக்குது. கிளம்பும்போது அவருக்கு சாவு பயமே கிடையாது, ஆனாலும் பொண்டாட்டி சொன்னதை ஏத்துக்கிட்டாங்க, ஏன்னா அந்தப் பயணம்தான் அவரை சாவு வரைக்கும் கொண்டுபோன சூழ்நிலை. அதே தீர்ப்புல ஒரு எல்லையும் போட்டாங்க: சாவோட நேரடியா ஒட்டாத பொதுவான பயமோ சந்தேகமோ, அதாவது "எவனோ என்னை ஏதோ பண்ணப்போறான்" மாதிரி பேச்சு இதுல வராது.

இப்போ ஆஸ்பத்திரிக்கு வருவோம். தீக்காய வார்டுல ஒரு பொண்ணு அட்மிட் ஆனா முதல்ல டாக்டர் ஏ.ஆர்.னு சொல்ற விபத்துப் பதிவேட்டுல என்ட்ரி போடுவாரு, ஆஸ்பத்திரி தகவல் போனதும் ஜூடிசியல் மாஜிஸ்திரேட்டை வரவழைப்பாங்க. அவரு வந்ததும் போலீஸ், சொந்தக்காரங்க எல்லாரையும் வெளிய அனுப்பிடணும், இதுதான் உயிர்நாடி. பேரு என்ன, நான் யாருன்னு தெரியுதான்னு ரெண்டு மூணு சாதாரண கேள்வி கேட்டு சுயநினைவு இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாரு, கேள்வி பதிலா அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதிட்டு படிச்சுக் காட்டி கைநாட்டு வாங்குவாரு. கை வெந்து போயிருந்தா கால் கட்டைவிரல் ரேகை கூட வாங்குவாங்க.

டாக்டர் சர்டிபிகேட் இல்லனா செல்லாதுன்னு சில வக்கீலே சொல்லுவாங்க. லக்‌ஷ்மண் கேஸ்ல 2002ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் அதை மறுத்துடுச்சு, எழுதினவரு அவங்க தெளிவா இருந்தாங்கன்னு நம்பி, அதை கோர்ட்டும் நம்பினா போதும். மாஜிஸ்திரேட்தான் எழுதணும்னும் சட்டத்துல இல்ல, நர்ஸோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டிருந்தாலும் போதும், நம்பகத்தன்மைதான் கேள்வி.

சிக்கல் எங்க வரும்னா, ஏ.ஆர். காப்பியில "ஸ்டவ் வெடிச்சுது"ன்னு இருக்கும், நாலு மணி நேரம் கழிச்சு மாஜிஸ்திரேட்கிட்ட "வீட்டுக்காரர்தான் மண்ணெண்ணெய் ஊத்தினாரு"ன்னு இருக்கும். ரெண்டுல எது? இங்க கோர்ட் பார்க்கறது அந்தந்த நேரத்துல கட்டில் பக்கத்துல யார் நின்னாங்கன்னுதான். தூக்கிட்டு வந்ததே புருஷன்னா, டாக்டர்கிட்ட ஸ்டவ்னு சொன்னதுக்கு காரணம் புரியும். நடுவுல அம்மா வீட்டுக்காரங்க ரெண்டு மணி நேரம் தனியா பேசியிருந்தா, சொல்லிக்குடுத்துட்டாங்களோன்னு அந்தப் பக்கமும் சந்தேகம் வரும். சத்தியப்பிரமாணமும் இல்ல, குறுக்கு விசாரணையும் இல்லங்கறதாலதான் இவ்வளவு தோண்டறாங்க. நம்பிக்கை வந்துட்டா அதை மட்டும் வச்சே தண்டனை குடுக்கலாம், இது 1957லயே குஷால் ராவ் கேஸ்ல சொன்னதுதான்.

கடைசியா பலருக்கும் தெரியாத ஒண்ணு, அந்தப் பொண்ணு பிழைச்சுட்டா அது மரண வாக்குமூலமே இல்ல. அவங்களே கூண்டுல ஏறி சொல்லணும், அன்னைக்கு எழுதினது அவங்க பேச்சுக்கு துணையாவோ இல்ல அவங்களையே மடக்கவோதான் பயன்படும். குழந்தைங்களுக்காகன்னு சமாதானம் ஆகி, வீட்டுக்காரர் பக்கத்துல உக்கார்ந்து பஸ்ல வந்து "ஸ்டவ்தான் வெடிச்சுதுங்க"ன்னு பிறழ் சாட்சி ஆயிட்டா, மாஜிஸ்திரேட் எழுதின அந்தப் பேப்பரை மட்டும் வச்சு அவரை உள்ள தள்ள முடியாது.