“65 பேருக்குச் சாப்பாடு” என்றால் எத்தனை பேருக்கு?

குன்னூரில் கேட்டரிங் நடத்துகிறேன். கம்பெனிக் கூட்டங்களுக்கு மதியச் சாப்பாடு கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: “செவ்வாய் 65 பேர், வெஜ் நான்வெஜ் ரெண்டும், 1 மணிக்கு.” இதற்கு “ஓகே சார்” என்று பதில் போட்டால் ஆர்டர் உறுதியாகிவிட்டது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறோம். கேட்க வேண்டியவை அதற்குப் பிறகுதான் இருக்கின்றன.

கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 65 என்பது பயிற்சிக்கு வரும் ஊழியர்கள். வேன் டிரைவர்கள் நான்கு பேர், ஹால் ஆட்கள் மூன்று பேர் அதில் சேரவில்லை. ஆக 72 இலை. அசைவம் எத்தனை என்று கேட்டால் 47 என்பார்கள். “செவ்வாய்க்கிழமை சாப்பிடாதவர்களைக் கழிச்சாச்சா?” என்று கேட்டதும் அது 39 ஆகும். புரட்டாசி என்றால் இன்னும் இறங்கும்.

ஆனால் 39 அசைவம், 33 சைவம் என்று பிரித்துச் சமைத்தால் பஃபேயில் கட்டாயம் சிக்கல் வரும். சிக்கன் எடுப்பவர் கூட்டையும் பொரியலையும் விடமாட்டார். சைவம் சாப்பிடுபவர்தான் கடைசியில் வெறும் ரசத்தோடு நிற்பார். அதனால் சிக்கன் 39 பேருக்கு, சைவப் பதார்த்தம் 72 பேருக்கும் என்று எழுதிக்கொள்கிறேன்.

அந்த 33 பேரில் இரண்டு பேர் ஜெயின் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். வெங்காயம், பூண்டை நிறுத்தினால் போதாது. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு, வேர்க் காய்கறி எதுவும் கூடாது. நீலகிரியின் பெயர் சொல்லும் கேரட், உருளை, பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் ஒரே அடியில் போய்விடும். பீன்ஸ், கோஸ், பட்டாணி கைகொடுக்கும். சாம்பாரிலிருந்து கேரட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவது ஏமாற்று வேலை. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மூடியில் பெயர்ச்சீட்டு வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் சப்பாத்தியை மட்டும் பார்க்காதீர்கள்: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி இருந்தால் எண்ணெயும் குருமாவும் மாற வேண்டும். “ஸ்பெஷல் டயட் ஏதாவது உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை”தான் பதிலாக வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கை முந்தின நாள் மாலை 4 மணிக்கு மூடிவிடுவோம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் கீழ்நாட்டைவிட நேரம் பிடிக்கும். காலை 11 மணிக்கு “இன்னும் 15 பேர் சார்” என்றால் இன்னொரு ஈடு ஏற்றி இறக்குவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

“1 மணி” என்பதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. சாப்பாடு வந்து சேரும் நேரமா, தட்டு எடுக்கும் நேரமா? பரிமாறுவது 1 மணி என்றால் ஹாலுக்கு 12.15க்குள் போய்ச் சேர வேண்டும். மேசை போட்டு, சேஃபிங் டிஷ்ஷில் தண்ணீர் ஊற்றிச் சூடேற்ற அரை மணி ஆகும். குளிரில் இது இல்லாவிட்டால் சாம்பார் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஹால் ஊட்டியில் என்றால் 20 கிலோமீட்டர்தான், ஆனால் சீசனில் மணிக்கணக்கை நம்ப முடியாது. ஒருவழிப் போக்குவரத்தும் வரும். கூட்டம் நீண்டு 2 மணி ஆகலாம் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், பொரித்ததைக் கடைசியில் போடுவோம்.

வெளியூர்க் கம்பெனிகள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கேட்பார்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும்தான்.

பணத்தில் மூன்று கேள்வி: யார் பெயரில் பில், எப்போது, எந்த வழியில். இலைக்கு 250 ரூபாய் என்றால் 72க்கு 18,000; ஜிஎஸ்டி 5 சதவீதம் 900 சேர்த்து 18,900. “250” என்று மட்டும் பேசி வைத்தால் அந்த 900 யாருடையது என்ற தகராறு பில்லன்று வரும். பாதி முன்பணம் வந்த பிறகுதான் நான் காய்கறிக்கே சொல்லுவேன்.

சின்ன கேட்டரர்கள் கவனிக்க: பணம் தரும்போதே கம்பெனி வருமான வரியாகப் பிடித்துக்கொள்ளும் டிடிஎஸ் கேட்டரிங்குக்கும் உண்டு. ஒரு பில் 30,000 தாண்டினால், அல்லது ஒரு நிதியாண்டில் மொத்தம் 1 லட்சம் தாண்டினால், தனிநபர் நடத்தும் தொழிலுக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். மேலே சொன்ன 18,000 ரூபாய் ஆர்டர் ஆறாவது முறை வரும்போது மொத்தம் 1,08,000 ஆகிவிடும். அப்போது முழுத் தொகைக்கும் சேர்த்து 1,080 பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். பாக்கி வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாமல் டிடிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பான் எண் கொடுக்காதிருந்தால் பிடித்தம் 20 சதவீதம்.

இவ்வளவையும் பேசி முடித்த பிறகு நான் அனுப்பும் செய்தி இதுதான்:

“செவ்வாய் மதியம். மொத்தம் 72: சிக்கன் 39, சைவம் 33 (இதில் ஜெயின் 2). ஹாலுக்கு 12.15, பரிமாறல் 1.00. தண்ணீர் கேன், பாட்டில் இல்லை. 18,000 + ஜிஎஸ்டி 900. முன்பணம் 9,450 கிடைத்தது, மீதி பில் கொடுத்த 7 நாளில் வங்கி வழி. திங்கள் 4 மணிக்கு மேல் எண்ணிக்கை குறைந்தாலும் 72க்கே பில். சரி என்றால் ‘சரி’ என்று பதில் போடவும்.”

கட்டைவிரல் படத்தை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. படிக்காமலே அதை அழுத்துபவர்கள்தான் அதிகம்.