சுனாமி எச்சரிக்கை வரும். கட்டடத்தின் சாவி யாரிடம்?

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே கடலடித் தரை மேலெழுந்து, அதன் மேலிருந்த தண்ணீரையும் தூக்கியது. அந்த அலை நாகப்பட்டினம் வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடினாலும், அங்கே அதன் உயரம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் வேகம் தணிந்து உயரம் ஏறும். இரண்டரை மணி நேரம் இருந்தும் யாரும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல ஆள் இருக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற சுனாமி எச்சரிக்கை மையம், நில அதிர்வு பதிவானவுடன் சில நிமிடங்களிலேயே முதல் அறிக்கையை விடுகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் அறிக்கையில் பூகம்பத்தின் இடமும் அளவும்தான் உறுதி. அலை உண்மையிலேயே கிளம்பியதா என்பதைக் கடலடி அழுத்தமானியும் கரையோர அலைமானியும்தான் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று அதே பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. "சும்மா ஓடவிட்டார்கள்" என்று அன்று ஓடியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அடுத்த முறையும் ஓடத்தான் வேண்டும்.

அறிக்கையில் வரும் வார்த்தையைக் கவனியுங்கள். 'வார்னிங்' என்றால் இரண்டு மீட்டருக்கு மேல் அலை வரலாம், ஊரைக் காலி செய்ய வேண்டும். 'அலெர்ட்' என்றால் கடற்கரையையும் தாழ்வான இடத்தையும் விட்டு விலக வேண்டும். 'வாட்ச்' என்றால் கிளம்ப வேண்டாம், ஆனால் தூங்கவும் வேண்டாம்; அது எந்த நிமிடமும் மேல்நிலைக்கு மாறலாம்.

ஹைதராபாத்திலிருந்து மாவட்டம் வரை செய்தி நிமிடங்களில் வந்துவிடும். மாவட்டத்திலிருந்து குப்பத்துக்கு வரத்தான் நேரம் பிடிக்கிறது. ஓர் ஒத்திகையின்போது கடலோர ஊர் ஒன்றில் நின்றிருந்தேன். பாட்டிகள், கைக்குழந்தைகள் எல்லாரும் பாதுகாப்புக் கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள். கதவில் பூட்டு. விஏஓவிடம் கேட்டால் தாலுகா ஆபீஸைக் கேளுங்கள் என்றார். தாலுகா ஆபீஸில், கட்டியவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். சாவி வர ஒரு மணி பத்து நிமிடம். நிஜ அலையாக இருந்திருந்தால், செய்தி வந்துசேர்ந்த நேரமும் போக, மிச்சம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை.

முன்னெச்சரிக்கையை மக்களிடம் சேர்க்கும் ஏற்பாடு, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி மாவட்ட ஆணையத்தின் கடமை. அவர்கள் செய்யும் தயவல்ல. அதனால் அடுத்த கிராம சபையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: சாவி யாரிடம், இரவில் அந்த ஆள் எங்கே படுப்பார், ஒலிபெருக்கி கடைசியாக எப்போது ஒலித்தது? பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். வாய்ச்சொல்லாகவே விட்டால் அடுத்த விஏஓ வந்ததும் மறந்துபோகும். சந்தேகம் வந்தால் மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

அப்புறம், முதல் அலை வடிந்ததும் வலையும் பாத்திரமும் எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது அலை இன்னும் பெரிதாக வரலாம். இடைவெளி அரை மணிகூட இருக்கலாம். ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள். ஆழ்கடலில் படகில் இருப்பவர்கள் கரைக்கு விரைய வேண்டாம், அங்கேயே நில்லுங்கள்.